மூன்றரை வட்டியும் 'மினிமம்' கட்டுகிற பழக்கமும்

(பதிவு கொஞ்சம் நீளம். கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.)

நம்ம ஊரில் வட்டியை யாரும் வருடக் கணக்கில் சொல்வதில்லை. 'ஒரு வட்டி', 'ரெண்டு வட்டி', 'மூணு வட்டி' என்றுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. வடசேரி சந்தையில் காய் விற்கிற அம்மாவுக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். ஒரு வட்டிக்குக் கிடைத்தால் தெரிந்தவர் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். ரெண்டு வட்டி என்றால் சரி, சமாளிக்கலாம். மூணு வட்டி என்றால் முகம் சுருங்கும். நாலு வட்டி என்று சொல்லிப் பாருங்கள். "அவன்கிட்ட போகாத மக்கா, குடும்பத்த முடிச்சிருவான்" என்று பக்கத்தில் இருப்பவர்களே தடுப்பார்கள்.

கிரெடிட் கார்டு பாக்கிக்குப் பல வங்கிகள் போடுகிற வட்டி மாதம் மூன்றரை சதவீதம். சிலவற்றில் 3.75. அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. மூன்றரை ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால் 63 பைசா. ஆக, நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 13 பைசா. நம்ம ஊர் பாஷையில் இது நாலு வட்டிக்கும் மேலே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நம் மாவட்டத்துக்கு, 91.75 சதவீதம். அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லியே நான் முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தேன். ஆனால் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் நாலு வட்டிக்குக் கடன் வாங்க மாட்டோம் என்று சொல்கிற நாம், பர்ஸில் இருக்கிற கார்டுக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். காரணம் ஒன்றுதான். அந்த வட்டி நம்மிடம் 'வட்டி' என்ற பெயரில் வருவதில்லை. 'மினிமம் அமௌண்ட் டியூ' என்ற பெயரில், கெடு தேதியோடு, மரியாதையாக வருகிறது.

என்னிடம் படித்த ஒரு பையன் (பையன் என்ன, நாற்பது வயது ஆகிறது) போன மாதம் இரண்டு வருட ஸ்டேட்மென்டுகளைக் கொண்டுவந்து காட்டினான். தக்கலைப் பக்கம் தனியார் நிறுவனத்தில் வேலை. ஊர், பேர் எதுவும் சொல்லப் போவதில்லை. எந்த வங்கி என்பதும் வேண்டாம், ஏனென்றால் எந்த வங்கியானாலும் கணக்கு ஏறக்குறைய இதுதான். அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஓணத்துக்குத் தள்ளுபடி போட்டபோது ஒரு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினுமாக 60,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறான். பில் வந்தது. மொத்தம் 60,000, மினிமம் 3,000. அந்த மாதம் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்ததால் 3,000 மட்டும் கட்டினான். அடுத்த மாதமும் அப்படியே. பிறகு அது பழக்கமாகிவிட்டது. இடையில் மாதம் சுமார் 2,500 ரூபாய்க்கு பெட்ரோலும் மளிகையும் அதே கார்டில்.

"சார், நான் ஒரு மாசங்கூட முடக்கல்ல. கெடு தேதிக்கு முன்னாடியே கரெக்டாட்டு அடைக்கேன். பின்ன எப்பிடி சார் பாக்கி கூடிட்டே போவும்?" என்பதுதான் அவன் கேள்வி. நியாயமான கேள்வி. மாதா மாதம் ஒழுங்காகக் கட்டுகிறவனுக்குக் கடன் குறைய வேண்டும் என்றுதான் எந்த மனிதனுக்கும் தோன்றும்.

முதல் பில்லை மட்டும் எடுத்து அவனுக்குப் போட்டுக் காட்டினேன். பில் தேதியிலிருந்து இருபதாவது நாள் 3,000 கட்டியிருக்கிறான். அந்த இருபது நாளும் 60,000 ரூபாய்க்கு வட்டி ஓடுகிறது: 1,400 ரூபாய். மீதிப் பத்து நாள் 57,000 ரூபாய்க்கு: 665 ரூபாய். இரண்டும் சேர்த்து 2,065. அதற்கு ஜிஎஸ்டி 372. மொத்தம் 2,437. ஆக அவன் கட்டிய 3,000 ரூபாயில் 2,437 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போயிற்று. ஃபிரிட்ஜ் கடனில் குறைந்தது 563 ரூபாய்.

வங்கி தினக்கணக்காக வட்டி போடுவதால் சில ரூபாய் முன்பின் இருக்கும். முதன்முதலில் முழுத்தொகை கட்டாமல் விடும்போது, வாங்கிய தேதியிலிருந்தே வட்டி கணக்காகும் என்பதையும் நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் கூடும். சில வங்கிகள் அந்த மாத வட்டி, வரி முழுவதையும் மினிமத்தோடு சேர்த்துக் கேட்கின்றன. அங்கே கடன் கொஞ்சம் வேகமாக இறங்கும். பில்லில் மினிமம் என்பது மொத்தத்தில் சரியாக ஐந்து சதவீதமா, அதற்கு மேலேயா என்று பார்த்தாலே எது உங்கள் வங்கி என்று தெரிந்துவிடும்.

குறைந்தது 563. அதே மாதம் கார்டில் புதிதாகத் தேய்த்தது 2,500. அப்புறம் பாக்கி கூடாமல் என்ன செய்யும்?

இனி முழுக் கணக்கு. இதற்காக 24 ஸ்டேட்மென்டிலும் உள்ள வட்டி வரிகளைத் தேடித் தேடிக் கூட்ட வேண்டும் என்று பயந்துதான் பலரும் பார்ப்பதே இல்லை. அவசியமில்லை. எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். கார்டில் ஏறியது எல்லாம் இரண்டே வகை: நீங்கள் வாங்கிய பொருள், அவர்கள் போட்ட வட்டியும் கட்டணமும். ஏறியது எல்லாம் போன இடமும் இரண்டுதான்: நீங்கள் கட்டியாயிற்று, அல்லது இன்னும் பாக்கி இருக்கிறது. எனவே நீங்கள் கட்டிய மொத்தத்தோடு இன்றைய பாக்கியைக் கூட்டுங்கள். அதிலிருந்து வாங்கிய பொருளின் மொத்தத்தைக் கழியுங்கள். மிஞ்சுவது முழுவதும் வட்டி, வரி, கட்டணம். ஒரு வருடத்துக்கு மட்டும் பார்ப்பதாக இருந்தால், வருடத் தொடக்கத்தில் இருந்த பழைய பாக்கியையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். கடையில் திருப்பிக் கொடுத்து வரவான பணம் இருந்தால் அதைப் பொருள் கணக்கில் குறைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

கட்டிய தொகைகள் உங்கள் பேங்க் பாஸ்புக்கிலேயே இருக்கும். வாங்கியதை ஸ்டேட்மென்டில் பார்க்கலாம். ஆப்பில் பழைய ஸ்டேட்மென்டுகள் இறக்கிக்கொள்ளக் கிடைக்கும்.

அவன் கணக்கு இப்படி வந்தது. இரண்டு வருடத்தில் கட்டியது சுமார் 97,600. இன்னும் பாக்கி 1,02,900. கூட்டினால் 2,00,500. வாங்கிய பொருள்: ஃபிரிட்ஜும் மெஷினும் 60,000, பெட்ரோலும் மளிகையும் 24 மாதத்துக்கு 60,000, ஆக 1,20,000. கழித்தால் 80,500 ரூபாய்.

அதைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "அப்போ வாங்கின சாமானத்தவிட வட்டி கூடல்ல, இல்லியா சார்?" ஒரு சின்ன ஆறுதல் அவன் முகத்தில். 1,20,000 பெரிது, 80,500 சிறிது. கேள்வியை அப்படிக் கேட்டால் பதில் அப்படித்தான் வரும்.

இங்கேதான் நான் உங்களை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறேன். அந்த 1,20,000 ரூபாய்ப் பொருளுக்கு அவன் இன்னும் பணம் கொடுத்து முடிக்கவே இல்லையே! பொருளின் விலையில் பெரும்பகுதி இன்னும் கடனாகத்தான் நிற்கிறது. கொடுத்து முடிக்காத விலையோடு, கொடுத்துத் தீர்த்த வட்டியை ஒப்பிட்டால் வட்டி சிறிதாகத்தான் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. 'என் கையிலிருந்து போன பணத்தில் எவ்வளவு பொருளுக்குப் போயிற்று, எவ்வளவு வட்டிக்குப் போயிற்று?' கையிலிருந்து போனது 97,600. அதில் வட்டி 80,500. பொருளுக்குப் போனது 17,100. நூறு ரூபாய் கட்டினால் 82 ரூபாய் வட்டி, 18 ரூபாய் பொருள். இரண்டு வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டி, ஒரு நல்ல மிக்ஸியும் கிரைண்டரும் வாங்கக்கூடிய அளவுக்குத்தான் அவன் உண்மையில் கடனைத் தீர்த்திருக்கிறான்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கார்டில் வேறு எதுவும் வாங்காமல் மினிமம் மட்டும் கட்டியிருந்தால் தப்பித்திருப்பானா என்றும் போட்டுப் பார்த்தோம். மினிமம் என்பது பாக்கியில் ஐந்து சதவீதம். பாக்கி குறையக் குறைய அதுவும் குறையும். 3,000 என்பது 2,900 ஆகும், பிறகு 2,800 ஆகும். நமக்குச் சலுகை மாதிரித் தெரிகிறது. உண்மையில் அதுதான் கடனைச் சாகவிடாமல் வைத்திருக்கிற தந்திரம். 28வது மாதம் வரும்போது அவன் கட்டியது சுமார் 74,200 ஆகியிருக்கும். வட்டியும் வரியும் மட்டும் 60,200. அதாவது ஃபிரிட்ஜையும் மெஷினையும்விட வட்டி கூடுதல். அந்த நாளிலும் பாக்கி 46,000 ரூபாய் நிற்கும். பொருளின் விலையை வட்டி தாண்டுவதற்கு இரண்டு வருடமும் நான்கு மாதமும் போதும். ஃபிரிட்ஜுக்கு கம்ப்ரஸர் கேரண்டியே அதைவிடக் கூடுதல் வருடம் தருகிறான்.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது, படித்தவர்களுக்குமே. கார்டில் 'ஐம்பது நாள் வரை வட்டி இல்லை' என்று சொல்கிறார்களே, அது போன பில்லை முழுதாகத் தீர்த்தவர்களுக்கு மட்டும். ஒரு மாதம் பாக்கி வைத்தால் அந்தச் சலுகை நின்றுவிடும். அதன் பிறகு நீங்கள் தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி. அவன் போட்ட பெட்ரோலும், வாங்கிய தேங்காயெண்ணெயும் நாலு வட்டிக்கு வாங்கியதுதான். இதற்கு ரிவார்டு பாயிண்ட் வேறு சேர்ந்ததாம். உங்களுக்கு இது நடக்கிறதா என்று அறிய ஒரே அடையாளம்: கெடு தேதிக்கு முன்பே பணம் கட்டியும் ஸ்டேட்மென்டில் 'ஃபைனான்ஸ் சார்ஜ்' அல்லது 'இன்ட்ரஸ்ட்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே ஜிஎஸ்டி என்று ஒரு வரி வருகிறதா பாருங்கள். வந்தால் உங்கள் வட்டியில்லாத நாட்கள் போய்விட்டன.

மினிமம் கட்டுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது. கடன் தவறியவர் என்று சிபிலில் பதியாது. வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்த ஒரு மாதம், சம்பளம் தாமதமான ஒரு மாதம், அதற்கு அது உதவும். அதற்கு மட்டும். மூன்றாவது மாதமும் மினிமம்தான் கட்டுகிறோம் என்றால், கார்டு வைத்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு, நாலு வட்டிக்கு ஒரு கடன் எடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும்.

"இவ்வளவு வட்டி வாங்கலாமா, கேட்க ஆளில்லையா?" என்று அவன் மனைவி கேட்டாள். கேட்டார்கள். 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம், கார்டு பாக்கிக்கு வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்புச் சொன்னது. 'ஆவாஸ்' என்ற தன்னார்வ அமைப்பு போட்ட வழக்கு. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. பதினாறு வருடம் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதத்துக்கு உச்சவரம்பு வைப்பது ஆணையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, அது ரிசர்வ் வங்கி பார்க்க வேண்டிய விஷயம் என்பதுதான் சாரம். ரிசர்வ் வங்கியோ ஒரு எண்ணைச் சொல்லி வரம்பு வைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. ஆனால் கார்டு வட்டியை அதைக் காட்டிக் குறைக்க முடியும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

ரிசர்வ் வங்கி ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 ஏப்ரலில் வெளியிட்ட கார்டு விதிமுறைகளில், மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதங்களாக, வருடங்களாக இழுத்துக்கொண்டே போகும், வட்டி மேல் வட்டி சேரும் என்ற எச்சரிக்கையை எல்லா பில்லிலும் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கட்டாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்றும், மினிமம் கட்டிய பிறகும் கடன் வளர்கிற மாதிரி மினிமத்தை வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. நல்ல விதிகள். அவனுடைய பில்லிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில், இங்கிலீஷில். இரண்டு வருடமாக அவன் அதைப் பார்த்ததே இல்லை.

என் கருத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். வாக்கியம் போதாது, எண் வேண்டும். 'இழுத்துக்கொண்டே போகும்' என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. சிகரெட் பெட்டியில் எழுதியிருப்பது மாதிரிதான் அது. பில்லின் முதல் பக்கத்தில், மினிமம் தொகைக்குப் பக்கத்திலேயே, அந்தந்த வாடிக்கையாளருக்கான எண்ணைப் போடட்டும்: 'கடந்த 12 மாதத்தில் நீங்கள் கட்டியது இவ்வளவு, அதில் வட்டியும் கட்டணமும் இவ்வளவு.' நான் ஒரு மதியம் உட்கார்ந்து தாளில் போட்ட கணக்கு இது. வங்கியின் கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி வேலை.

இது நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்காவில் 2009ல் வந்த சட்டப்படி, மினிமம் மட்டும் கட்டினால் இந்தக் கடன் தீர எத்தனை வருடம், மொத்தம் எவ்வளவு ஆகும், மூன்று வருடத்தில் தீர்க்க மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பில்லிலேயே போட வேண்டும். பிரிட்டனில் 2018ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பதினெட்டு மாதத்தில் ஒருவர் அசலாகத் தீர்த்ததைவிட வட்டியும் கட்டணமும் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அவர் தீராக் கடனில் இருக்கிறார் என்று விதியே சொல்கிறது. கார்டு கொடுத்த நிறுவனம்தான் அவரைத் தேடிப் போய் 'கூடுதலாகக் கட்டுங்கள்' என்று சொல்ல வேண்டும். அப்படியே இன்னொரு பதினெட்டு மாதம் ஓடினால் கடனைத் தீர்க்க ஒரு வழி செய்து கொடுக்க வேண்டும். கவனித்தீர்களா, அவர்கள் பார்ப்பதும் பொருளின் விலையை அல்ல. கட்டிய பணம் எந்தப் பக்கம் போயிற்று என்பதைத்தான். அந்த அளவுகோலால் பார்த்தால் நம் பையன் எப்போதோ எல்லை தாண்டிவிட்டான். அவனைத் தேடி வந்த ஒரே ஃபோன், கிரெடிட் லிமிட்டைக் கூட்டித் தரவா என்று கேட்டதுதான்.

சரி, அவன் என்ன செய்வது?

முதலில் கார்டில் தேய்ப்பதை நிறுத்த வேண்டும், பெட்ரோல் உட்பட. அவன் இப்போது மினிமமாகக் கட்டுகிற தொகை 5,145. அதை இனிமேல் குறைக்காமல், மினிமம் எவ்வளவு இறங்கினாலும் 5,145 ரூபாயே கட்டிக்கொண்டு போனால், 42 மாதத்தில் தீரும். மொத்தம் 2 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய் கட்டியிருப்பான். தீரும் என்பது மட்டும்தான் இதில் நல்லது.

அடுத்த வழி, நாலு வட்டிக் கடனை ஒரு வட்டிக்குக் கீழான கடனாக மாற்றுவது. அவன் வீட்டில் கல்யாண நகை இருக்கிறது. வங்கியில் நகைக்கடன் வருடம் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நம்ம பாஷையில் ஒரு வட்டிக்கும் கீழே. அதே 5,145 ரூபாயை மாதா மாதம் அங்கே கட்டினால் 23 மாதத்தில் முடிந்துவிடும். மொத்தம் 1 லட்சத்து 16 ஆயிரம். அதே பையன், அதே சம்பளம், மாதம் அதே தொகை. வித்தியாசம் 98 ஆயிரம் ரூபாய்.

இதைச் சொன்னபோது அவன் முகம் மாறியது. "சார், அவளோட மாலைய பணயம் வைக்கதுக்கு..." என்று இழுத்தான். எனக்குப் புரிந்தது. நம்ம ஊரில் நகையைப் பணயம் வைத்தால் மாமியார் வீட்டுக்குத் தெரியும், கல்யாண வீட்டில் வெறுங்கழுத்தைப் பார்த்து நாலு பேர் கேட்பார்கள். கார்டுக்கு நாலு வட்டி கொடுத்தால் யாருக்கும் தெரியாது. பர்ஸைத் திறந்தால் அந்தஸ்தாகக்கூட இருக்கும். வங்கிகள் வட்டி சம்பாதிப்பதில் ஒரு பங்கு, நம்முடைய இந்த வெட்கத்திலிருந்துதான் வருகிறது என்று நான் நினைக்கிறேன். இதில் கடைசியாக முடிவு எடுத்தது அவன் இல்லை, அவன் மனைவி. "ரெண்டு வருசமா எங்கிட்ட சொல்லாம எம்பதாயிரம் குடுத்தாச்சு. மாலை லாக்கர்ல இருந்தா என்ன, பேங்க்ல இருந்தா என்ன?" என்றாள்.

நகைக்கடனிலும் கவனிக்க வேண்டியது உண்டு. பெரும்பாலும் பன்னிரண்டு மாதக் கெடு. மாதா மாதம் பகுதியாகக் கட்டலாமா, கட்டினால் அன்றே அசலில் குறையுமா என்று கேட்டுக்கொண்டுதான் வைக்க வேண்டும். தனியார் அடகுக் கடைகளில் வட்டி ரெண்டு வட்டிக்குப் போய்விடும். நகை இல்லாதவர்கள் கார்டு கொடுத்த வங்கியிடமே பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தரக் கேட்கலாம். வட்டி கார்டு வட்டியைவிடக் குறைவாக இருக்கும். செயல்முறைக் கட்டணமும், வட்டிக்கு ஜிஎஸ்டியும் உண்டு என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கார்டில் ரொக்கம் எடுத்து இன்னொரு கார்டைக் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ரொக்கத்துக்கு எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி, அதற்குத் தனிக் கட்டணம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, கார்டைச் சுத்தமாக்கிவிட்டு அதே லிமிட்டில் மறுபடி தேய்க்கத் தொடங்குவது. அப்படிச் செய்தால் நகைக்கடன் ஒரு பக்கம், கார்டு கடன் ஒரு பக்கம் என்று இரண்டாகும். அதனால் முதலில் லிமிட்டைப் பத்தாயிரமாகக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

கடைசியாக ஒரு விஷயம். இதில் பலபேர் ஏமாந்து போய் வங்கியோடு சண்டைக்குப் போகிறார்கள். 1,02,900 ரூபாயையும் முழுதாகக் கட்டிய பிறகும் அடுத்த மாதம் ஒரு பில் வரும். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடையில் ஓடிய வட்டி அது. இருபதாவது நாள் கட்டினால் அவனுக்கு 2,401 ரூபாய் வட்டியும் 432 ரூபாய் வரியுமாக 2,833 வரும். 'எல்லாம் கட்டியாச்சே' என்று அதை விட்டுவிட்டால் அந்த 2,833 ரூபாய்க்குத் தாமதக் கட்டணமும் வட்டியும் மறுபடி ஏறத் தொடங்கும். கட்டுகிற அன்று வங்கிக்கு ஃபோன் செய்து இன்றைய தேதிக்கு முழுத் தீர்வுத் தொகை எவ்வளவு என்று கேட்டுக் கட்டலாம், அல்லது அடுத்த பில்லையும் பார்த்து அதையும் தீர்க்கலாம். பூஜ்யம் என்று அச்சாகி வருகிற பில்லைக் கையில் வாங்கிய பிறகு, கார்டே வேண்டாம் என்றால் மூட எழுதிக் கொடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் அதே 2022 விதியில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்து உதவி வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இருப்பேன். கார்டு எண்ணையோ ஸ்டேட்மென்ட் படத்தையோ இங்கே கீழே போட்டுவிடாதீர்கள்.